பேங்க்ல போட்டுட்டேன் உம்மா

தென்காசி கூலக்கடை பஜார்ல ஒரு சின்ன கடை வச்சுருக்கேன். என் பேரு சிவசுப்பிரமணியன். வெளிநாட்டுல இருந்து வர்ற பணத்தை இங்கன உள்ளவங்க கையில குடுக்குறதுதான் கடையோட முக்கிய வேலை. கூடவே ஜெராக்ஸ், ட்ரெயின் டிக்கெட், கைரேகை வச்சு பேங்க் காசு எடுக்குற மிஷின் எல்லாம் உண்டு. ஒண்ணை மட்டும் நம்பி இப்பம் கடை ஓட்ட முடியாது.

ஹைருன் பீவி அம்மா பதினோரு வருஷமா என் கடைக்கு வாராங்க. எழுபது வயசு இருக்கும். மூத்த மவன் மசூது அபுதாபி பக்கம் முசஃபாவுல ஏசி டக்ட் மாட்டுற கம்பெனியில இருக்காரு. மாசாமாசம் சம்பளம் வந்ததும் அங்க ஒரு கவுண்டர்ல போயி திர்ஹாமைக் கட்டுவாரு. அவங்க பத்து எண்ணுல ஒரு நம்பர் குடுப்பாங்க. அதை வீட்டுக்கு போன்ல சொல்லுவாரு. சின்ன மருமவ சனோபர் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி மாமியார் கையில குடுப்பா. அந்தச் சீட்டையும் ஆதார் கார்டையும் எடுத்துக்கிட்டு அம்மா வருவாங்க. நான் நம்பரைத் தட்டி, அனுப்புனது யாரு, எந்த நாடு, எவ்வளவுன்னு கேட்டு, ஃபாரத்துல கையெழுத்து வாங்கி, ரூபாயைக் கையில குடுப்பேன். யாரு பேருக்கு வந்துருக்கோ அவங்கதான் நேர்ல வரணும். பெத்த புள்ளையே வந்து நின்னாலும் குடுக்கக் கூடாது.

அதனாலதான் சின்ன மவன் நாசர் எவ்வளவோ சொல்லியும் அம்மா தானே நடந்து வருவாங்க. "நான் போனாத்தான்டா குடுப்பான்"னு சொல்லிட்டு வந்துருவாங்களாம். என்னவோ எனக்கு அதுல பெருமை மாதிரி அதைச் சொல்லி சிரிப்பாங்க.

அம்மா வந்து உக்காந்து கொஞ்ச நேரத்துல குற்றாலத்துல இருந்து டவுன் பஸ்ல சாஜிதா வருவா. அம்மாவுக்கு ஒரே மவ. மசூதுக்கு தங்கச்சி, நாசருக்கு அக்கா. நான் எண்ணிக் குடுக்குற நோட்டுல நாலாயிரத்தை அம்மா அங்கனயே பிரிச்சு மவ கையில குடுப்பாங்க. ரெண்டு பேரும் பெஞ்சுல உக்காந்து கால் மணி நேரம் பேசுவாங்க. டீ சொல்லுவேன். குடிச்சுட்டு ஆளுக்கு ஒரு பக்கமா போயிருவாங்க.

ஏன் வீட்டுல வச்சுக் குடுக்கலன்னா அதுக்கு ஒரு கதை இருக்கு. சாஜிதா கல்யாணத்துக்கு மசூது மூணு வருஷ சம்பளத்தைக் கொட்டுனாரு. மாப்பிள்ளை கை நீட்டுற ஆளு. ஒன்றரை வருஷத்துல ஜமாஅத்துல பேசி பிரிச்சு வாங்கிட்டு, கைப்புள்ளையோட வந்துட்டா. "அனுசரிச்சுப் போயிருக்கலாம், எல்லாக் காசையும் தண்ணியில போட்டுட்டா, இனி அவ பேரை என்கிட்ட எடுக்காதீங்க"ன்னு மசூது போன்ல சொல்லிட்டாரு. நாசரும் அண்ணன் பேச்சுதான். அவ குற்றாலத்துல ஒரு லாட்ஜுல துணி துவைக்க, ரூம் கூட்டப் போயிட்டா. சாரல் சீசன் மூணு மாசம் வேலை முதுகை ஒடிக்கும், காசும் வரும். மத்த மாசம் லாட்ஜு காத்து வாங்கும், சம்பளம் பாதிதான். உம்மா குடுக்குற நாலாயிரத்துலதான் வீட்டு வாடகையும், எட்டாவது படிக்குற மவளுக்கு பஸ்ஸும் சாப்பாடும்.

போன பங்குனியில ஒரு நாள். காலையில பதினோரு மணி இருக்கும். சாஜிதா முதல்லயே வந்து பெஞ்சுல உக்காந்துருந்தா. வெயில்ல முகம் கருத்துப் போயி இருந்தா.

"லாட்ஜு எப்படி இருக்கும்மா?"ன்னு கேட்டேன்.

"கொரங்கு மட்டும்தான் அண்ணாச்சி வருது. அதுவும் ரூம் கேக்க மாட்டேங்குது"ன்னா.

சிரிச்சோம். அதுக்குள்ள அம்மா வந்துட்டாங்க. வழக்கமா கையில சீட்டு இருக்கும். அன்னைக்கு ஒரு கவர் இருந்துச்சு.

"இந்த மாசம் மசூது நம்பரே சொல்லல தம்பி. நேத்து அவன்கூட வேலை பாக்குற நம்ம ஹம்தான் லீவுல வந்துட்டான்லா, அவன் கையில இதைக் குடுத்து விட்டுருக்கான். 'உம்மா கையில மட்டும் குடு'ன்னு சொன்னானாம். நம்பர் இதுக்குள்ளதான் இருக்கும். பாருங்க"ன்னு நீட்டுனாங்க.

கவர் மேலயே பேனாவுல ஒரு நம்பர் எழுதியிருந்துச்சு. "இந்தா, இதான"ன்னு காட்டுனாங்க.

"இது ஹம்தான் போன் நம்பரும்மா. இதைத் தட்டுனா ஹம்தான்தான் வருவான், காசு வராது."

"சரி, உள்ள பாருங்க."

உள்ள ரெண்டு பக்கம், நோட்டுல கிழிச்ச தாள். நெருக்கி எழுதியிருந்தாரு. நான் மேலோட்டமா பாத்தேன். நம்பர் எதுவும் இல்ல.

"லெட்டராட்டம் இருக்கும்மா. வீட்டுல போயி படிங்க."

"எனக்கு ஒரு கண்ணுதான் ஆபரேசன் ஆயிருக்கு. நெருக்கி எழுதுனா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. வீட்டுல யாரு படிப்பா? நாசர் படிக்கணும், இல்ல சனோபர் படிக்கணும். அவங்ககிட்ட படிக்கச் சொல்லணும்னா அவன் எதுக்கு எங்கிட்ட தனியா குடுத்து விடுதான்? நீங்க படிங்க."

"சாஜிதா படிக்கட்டுமே."

சாஜிதா தலையை ஆட்டுனா. "வேண்டாம் அண்ணாச்சி. காக்கா எனக்கு எழுதல"ன்னா. அண்ணனை அவங்க காக்கான்னுதான் கூப்பிடுவாங்க.

சரின்னு நான் படிச்சேன். இப்பமும் அந்த லெட்டர் எனக்கு அநேகமா மனசுல இருக்கு. இப்படித்தான் எழுதியிருந்தாரு.

"அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். போன்ல சொல்லாம ஏன் எழுதுதேன்னு நெனைப்பீங்க. போன்னா நாசர் ஸ்பீக்கர்ல போட்டுருவான். வீடு பூரா கேக்கும். இது உங்களுக்கு மட்டும்.

உம்மா, இந்த மாசப் பணத்தை எட்டாம் தேதியே பேங்க்ல போட்டுட்டேன். கேஸ் மானியத்துக்காக உங்க பேர்ல திறந்தோம்லா, அந்தக் கணக்குல. நாசர் போன வருஷமே நம்பரும் பேங்கோட கோடும் அனுப்பி, போடு போடுன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தான். நான்தான் தள்ளிக்கிட்டு வந்தேன். இனி மாசாமாசம் அதுலதான் வரும். நம்பர் வராது. நீங்க கடைக்குப் போக வேண்டாம்.

ஏன்னு சொல்லுதேன். நாங்க தங்கியிருக்குற கேம்ப்பை தள்ளி மாத்திட்டாங்க. பணம் கட்டுற கவுண்டருக்கு இப்பம் பஸ்ல ஒரு மணி நேரம். சம்பளம் போட்ட வாரம் வெள்ளிக்கிழமை போனா ரோடு வரைக்கும் வரிசை நிக்கும். ரெண்டு மணி நேரம் நின்னா என் கால் ரெண்டும் வீங்கிருது. சுகர் மாத்திரை கூட்டியிருக்காங்க. எனக்கும் நாப்பத்தேழு ஆச்சுல்லா. இப்பம் சம்பளமே ஒரு கார்டுல போடுதாங்க. அதுக்கு போன்ல ஒரு ஆப் இருக்கு. படுத்துக்கிட்டே ஊருக்கு அனுப்பலாம். ஆனா அதுல பேங்க் கணக்குக்கு மட்டும்தான் போகும். கையில காசா குடுக்கணும்னா கவுண்டருக்கு நேர்லதான் போகணும்.

இன்னொண்ணு. பேங்குக்கு அனுப்புனா திர்ஹாமுக்கு இருபது இருபத்தஞ்சு பைசா கூட கிடைக்கும். சார்ஜும் கம்மி. கையில குடுக்குற மாதிரி அனுப்புனா மாசம் கிட்டத்தட்ட நானூறு ரூபா எனக்கு நட்டம். ஓவர்டைம் நின்னு போச்சு உம்மா. நானூறு ரூபான்னா எனக்கு இங்க ரெண்டு நாள் சாப்பாடு. ரூம்ல எல்லாரும் எப்பமோ பேங்குக்கு மாறிட்டாங்க. நான் மட்டும் வரிசையில நிக்கேன்னு சிரிப்பாங்க. உனக்கு என்ன, கிறுக்கான்னு கேப்பாங்க.

எனக்குக் கிறுக்கு இல்ல. ரேட்டு எனக்கும் தெரியும். ஆறு வருஷமா தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னாடி நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் இங்க வந்துருந்தாரு. ஒங்க தங்கச்சியை குற்றாலத்துல லாட்ஜு மாடியில போர்வை காயப் போடும்போது பாத்தேன்னு சொன்னாரு. அதே மாசம்தான் நாசரும் சொன்னான், நீ அனுப்புறதுல உம்மா நாலாயிரம் கம்மியாத்தான் வீட்டுக்குக் கொண்டு வாராங்கன்னு. எனக்குப் புரிஞ்சு போச்சு. உம்மாவுக்கு மருந்து மாத்திரை இருக்கும்லே, நோண்டாதன்னு அவன்கிட்ட சொன்னேன். அதுக்கப்பறம் பேங்குக்கு மாத்து மாத்துன்னு அவன் சொல்லும்போதெல்லாம், கேஷா அனுப்புறதுதான் சேஃப்புன்னு சும்மா ஒரு பொய் சொல்லுவேன். கையில காசா வந்தா நீங்க எடுக்குறது யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரிய வேண்டாம். நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம். அதுக்குத்தான் அந்த வரிசையில நின்னேன்.

இப்பம் நிக்க முடியல உம்மா.

பேங்க்ல போட்டா நாசர் போனுக்கு மெசேஜ் போகும். எடுத்தாலும் மெசேஜ் போகும். கார்டும் அவன்கிட்டதான் இருக்கு. அவன் எடுத்து உங்களுக்குக் குடுக்குற மாதிரி ஆயிரக் கூடாது. பாஸ்புக்கை வாங்கி நீங்களே வச்சுக்கோங்க. பேங்குக்குப் போயி செலான்ல நீங்களே கையெழுத்துப் போட்டு எடுங்க. அது உங்க பேர்ல உள்ள கணக்கு, ஒருத்தரையும் கேக்க வேண்டாம்.

அவளுக்குக் குடுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நான் அன்னைக்குச் சொன்ன சொல்லு அப்படி. குடுக்காதீங்கன்னும் சொல்லல. வேற என்ன எழுதன்னு தெரியல. ரொம்ப அசதியா இருக்கு. துஆ செய்ங்க.

மசூது."

படிச்சு முடிச்சேன். பஜார்ல ஒரு லோடு வண்டிக்காரன் நின்னுக்கிட்டு ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான். அம்மா லெட்டரை வாங்கி மடிச்சாங்க. திரும்பப் பிரிச்சாங்க. திரும்ப மடிச்சாங்க.

"காக்காவுக்குத் தெரியுமா?"ன்னு சாஜிதா கேட்டா.

"எனக்கென்னட்டி தெரியும்? படிக்கும்போது நீயும் கேட்டுக்கிட்டுத்தான இருந்த?" அம்மாவுக்குக் கோவமா அழுகையான்னு தெரியல. "ஆறு வருஷமா! முட்டுவலி எண்ணெய் வாங்குனேன், டாக்டர்கிட்ட போனேன், பித்ரா தர்மம் குடுத்தேன்னு எத்தனை பொய்யி நான் சொல்லியிருக்கேன். தொழுதுட்டு அதுக்கு வேற தனியா பாவ மன்னிப்பு கேப்பேன். அவன் அங்க ஒரு பொய்யைச் சொல்லிக்கிட்டு வரிசையில நிக்கான். சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சும்மா இருந்துருக்கலாம்லா."

சாஜிதா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "கால் வீங்குற வரைக்கும் நின்னுருக்காரு"ன்னு மட்டும் சொன்னா.

நான் என் விசயத்தையும் ஒளிக்காம சொல்லிருதேன். லெட்டரைப் படிக்கும்போதே, ஒரு கஸ்டமர் போச்சுன்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓடுச்சு. ஒரு பட்டுவாடாவுக்கு எனக்குச் சின்ன கமிஷன் வரும். ஆனா மசூது எழுதுனதுல பொய் ஒண்ணும் இல்ல. ரேட்டு அவரு சொன்னதுதான். அதனால, "மவன் சொல்லுறது சரிதாம்மா, பேங்க்தான் லாபம்"னு சொன்னேன்.

"லாபம் சரி. இன்னைக்கு இவளுக்கு என்ன குடுக்க?"ன்னு அம்மா கேட்டாங்க.

அதான கேள்வி. சாஜிதா உடனே எந்திரிச்சுட்டா. "வேண்டாம்மா. நான் பாத்துக்கிடுதேன். லாட்ஜுல கூட வேலை பாக்குற ஹாஜரா பீவிகிட்ட கடன் கேக்கேன்."

"ஹாஜரா பீவிகிட்ட எத்தனை மாசத்துக்குக் கேப்ப? உக்காரு."

எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. "அம்மா, உங்க கணக்குல ஆதார் சேத்துருக்குல்லா. இந்த மிஷின்ல விரல் வச்சா இங்கனயே எடுக்கலாம். ஒரு தடவைக்குப் பத்தாயிரம் வரைக்கும் வரும்."

அம்மா சந்தோசமா கிட்ட வந்தாங்க. ஆதார் நம்பரைத் தட்டி, பேங்கைத் தேர்ந்தெடுத்து, விரலை வைக்கச் சொன்னேன். ரேகை பொருந்தலன்னு வந்துச்சு. துடைச்சுட்டு வச்சாங்க, வரல. மோதிர விரல், அதுவும் வரல. இடது கை. அதுவும் இல்ல.

கையைத் திருப்பிப் பாத்தேன். விரல் நுனி பூரா கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்துச்சு.

"முப்பது வருஷம் பீடி சுத்துன கை தம்பி. இலையும் தூளும் தேச்சு ரேகையைத் தின்னுருச்சு. ஆதார் எடுக்கும்போதே அந்தப் பொண்ணு என்னைப் பத்து தடவை அமுக்குனா. ரேசன் கடையிலயும் இதே கூத்துதான்."

இங்க இது புதுசு இல்ல. பாதி பொம்பளைங்களுக்கு மிஷின் இப்படித்தான் கையை விரிக்கும். அப்பம் ஒரே வழி பேங்க்தான். பாஸ்புக்கோட நேர்ல போகணும். பாஸ்புக் எங்க இருக்கு? நாசர் பீரோவுல.

வழக்கமா சொல்லுற டீ வந்து ஆறிப் போச்சு. சாஜிதா பையை மடியில வச்சுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா. அவளுக்கு ஓடிரலாம்னு இருந்துருக்கும்.

"நாசருக்கு போன் போடுங்க தம்பி"ன்னு அம்மா சொன்னாங்க.

"என்னன்னு சொல்லப் போறீங்க?"

"உள்ளதை."

"உம்மா, வேண்டாம்மா"ன்னு சாஜிதா கையைப் பிடிச்சா. அம்மா கையை உருவிக்கிட்டாங்க. "பேசாம இருட்டி. எனக்கும் நிக்க முடியல."

போன் போட்டுக் குடுத்தேன். நாசர் ஆட்டோ ஓட்டுதாரு. சத்தமா பேசுற ஆளு, எனக்கே கேட்டுச்சு.

"என்ன உம்மா, யாரு நம்பர் இது?"

"சிவசு கடையில இருக்கேன். என் பாஸ்புக்கை எடுத்துட்டு இங்கன வாலே."

"அட, நம்பர் ஒண்ணும் வராது உம்மா. காக்கா பேங்க்ல போட்டாச்சு. எட்டாம் தேதியே மெசேஜ் வந்துருச்சு. இன்னைக்கு நாளைக்கு நானே ஏடிஎம்ல எடுத்துத் தாரேன், நீங்க வீட்டுக்குப் போங்க."

"நானே எடுத்துக்கிடுதேன். பாஸ்புக்கைக் கொண்டா."

"எதுக்கு இப்பம்? வெயில்ல…"

"ஒங்க லாத்தா சாஜிதாவுக்கு நாலாயிரம் குடுக்கணும். அதுக்கு."

அந்தப் பக்கம் ஆட்டோ இஞ்சின் சத்தம் மட்டும் கேட்டுச்சு. லைன் கட்டாயிருச்சோன்னு அம்மா போனை என்கிட்ட நீட்டுனாங்க. கட்டாகல. பெறவு, "வாரேன்"னு ஒத்தை வார்த்தை.

இருபது நிமிசத்துல வந்தாரு. ஆட்டோவை ஓரமா போட்டுட்டு, பாஸ்புக்கை ஒரு பிளாஸ்டிக் கவர்ல வச்சு எடுத்துட்டு வந்தாரு. கடைக்குள்ள ஏறும்போதே அக்காவைப் பாத்துட்டாரு. பாக்காத மாதிரி என்னைப் பாத்தாரு.

"என்ன அண்ணாச்சி, நீங்களாவது சொல்லக் கூடாதா? வயசானவங்களை இங்கனயும் அங்கனயும் அலைய விட்டுக்கிட்டு."

"நான் என்னத்தச் சொல்ல? அவங்க காசு, அவங்க எடுக்காங்க."

"நான் என்ன, திருடவா போறேன்?" அம்மா பக்கம் திரும்புனாரு. "நான் கார்டை வச்சுருக்கேன்னா உங்களுக்காகத்தான உம்மா. அரிசி, கரண்டு, புள்ளைகளுக்கு ஸ்கூல் வேன், எல்லாம் நானும் சேத்துத்தான பாக்கேன். அந்தக் கணக்கை நான் எடுத்துப் போட்டு நடத்துனதாலதான் அது உயிரோட இருக்கு. இல்லன்னா ரெண்டு வருஷத்துல பேங்க்காரன் முடக்கி வச்சுருப்பான், தெரியுமா?"

"ஒன்னைத் திருடன்னு யாருலே சொன்னா?"

"சொல்லாம சொல்லுதீங்கள்லா. மாசம் நாலாயிரம் எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? சனோபருக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்குத் தெரியும். குற்றாலத்துல சவாரி இறக்கிட்டு வரும்போது எத்தனை தடவை இவளைப் பாத்துருக்கேன்."

சாஜிதா தலையைத் தூக்குனா. "பாத்துருக்கியா? பெறவு ஏன்டா ஒரு வார்த்தை பேசல?"

நாசர் சாவிக்கொத்தைச் சுத்திக்கிட்டே நின்னாரு. "காக்காவுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவாருன்னுதான்"னு மெதுவா சொன்னாரு.

அம்மா அந்த லெட்டரை எடுத்து நீட்டுனாங்க. "இந்தா. படி. தனியா எனக்குத்தான் எழுதியிருக்கான், பரவாயில்ல, படி."

நாசர் நின்னுக்கிட்டே படிச்சாரு. ரெண்டாவது பக்கம் வரும்போது பெஞ்சுல உக்காந்துட்டாரு. அக்காவுக்கும் அவருக்கும் நடுவுல ஒரு ஆள் உக்காருற இடம் இருந்துச்சு. படிச்சு முடிச்சுட்டு, "கேஷ்தான் சேஃப்புன்னு எங்கிட்ட எத்தனை நாள் அளந்துருக்காரு"ன்னு சொல்லி மூக்கை உறிஞ்சுனாரு. "நான் அவரை வெவரம் கெட்டவருன்னுல்லா நெனச்சேன்."

"நீ மட்டும் என்ன, வெவரமானவனா?"ன்னா சாஜிதா.

அவரு சிரிக்கல. ஆனா சண்டையும் போடல. "ஒரு மணிக்கு மேல சாப்பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவான் கேஷியர். வாங்க"ன்னு எந்திரிச்சாரு. அம்மாவை கைத்தாங்கலா ஆட்டோவுல ஏத்துனாரு. சாஜிதா கீழ நின்னா. "ஏறு லாத்தா, ஒன்னைத் தனியா கூப்பிடணுமா?"ன்னு வண்டியை ஸ்டார்ட் பண்ணுனாரு.

எனக்குக் கடையில வேலை இருந்துச்சு. ரெண்டு ஜெராக்ஸ், ஒரு மெட்ராஸ் டிக்கெட். இருந்தாலும் மனசு பூரா அங்கனதான். சின்ன விசயம்தான், ஆனா இதுல ஏதாவது ஒண்ணு தட்டுச்சுன்னா அந்தப் பொண்ணு வெறுங்கையோடதான் குற்றாலத்துக்கு பஸ் ஏறணும்.

ரெண்டு மணிக்கு அம்மாவும் சாஜிதாவும் திரும்பி வந்தாங்க. நாசர் சவாரிக்குப் போயிட்டாராம். அம்மா செத்துப் போன மாதிரி அசந்து போயி உக்காந்தாங்க. தண்ணி குடுத்தேன்.

"கையெழுத்து ஒத்துப் போகலன்னு மூணு தடவை போட வச்சான் தம்பி. திறந்தப்பம் போட்ட கையெழுத்து வேற மாதிரி இருக்காம். அஞ்சு வருஷத்துல கை நடுங்காதா? பெறவு மேனேஜர் வந்து ஆதாரைப் பாத்து, என்னையும் பாத்து, சரின்னுட்டாரு. புதுசா மாதிரிக் கையெழுத்து வாங்கி வச்சுருக்காங்க."

"குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு. நாசர் முன்னாடியே குடுத்தேன். அவன் அந்தப் பக்கம் ஃபேனைப் பாத்துக்கிட்டு நின்னான்." பாஸ்புக்கை எடுத்துக் காட்டுனாங்க. மிஷின்ல வரி பதிஞ்சுருந்துச்சு, எட்டாம் தேதி வரவு, அன்னைக்குத் தேதியில எடுத்தது. "கார்டு அவன்கிட்டயே இருக்கட்டும்னுட்டேன். வீட்டுச் செலவை அவன் எடுக்கட்டும். இவளுக்கு உள்ளதை நான் வந்து எடுத்துக்கிடுதேன். மெசேஜ் போனா போகட்டும். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான."

"மசூது அண்ணனுக்குப் பதில் சொல்லணுமேம்மா."

"அதுக்குத்தான் வந்தேன். ஹம்தான் இருவது நாள்ல திரும்பப் போறான். எழுதுங்க. போன்ல பேசுனா அவனும் அழுவான், நானும் அழுவேன், விசயம் நடக்காது."

ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். அம்மா சுவரைப் பாத்துக்கிட்டு சொல்லச் சொல்ல எழுதுனேன்.

"அன்பு மவன் மசூதுக்கு உம்மா எழுதுறது. பணம் வந்துச்சு. நானே எடுத்தேன். சாஜிதாவுக்கு நாலாயிரம் குடுத்தேன்…"

அங்கன நான் கொஞ்சம் நிறுத்துனேன். "பேரைப் போடணுமாம்மா? 'அவளுக்கு'ன்னு போடவா? அவரு அப்படித்தான் எழுதியிருக்காரு."

"பேரைப் போடுங்க. நான் வச்ச பேருதான." நான் எழுதுனேன். "ஆறு வருஷமா குடுக்கேன். அதுக்கு முன்னாடியும் குடுத்தேன். இனியும் குடுப்பேன். ஒனக்கு அது பிடிக்கலன்னா எங்கிட்ட வாயைத் திறந்து சொல்லு. பிடிச்சாலும் சொல்லு. சும்மா இருக்காத. நீ வரிசையில நிக்க வேண்டாம். பேங்க்லயே போடு. அந்த நானூறு ரூபாய்க்கு வயிறாரத் தின்னு. நாசர் லெட்டரைப் படிச்சுட்டான், நான்தான் குடுத்தேன், அவனைத் திட்டாத."

அம்மா என் பக்கம் திரும்புனாங்க. "அசதியா இருந்தா வந்துரு. இங்க உள்ளதை வச்சுப் பாத்துக்கிடலாம்." பெறவு கையை ஆட்டுனாங்க. "வேண்டாம், அந்தப் பாத்துக்கிடலாமை அடிச்சுருங்க. பாத்துக்கிட முடியாது. வந்துருன்னு மட்டும் இருக்கட்டும்."

அடிச்சேன்.

"வேற ஏதாவது உண்டா?"ன்னு பொதுவா கேட்டேன். அம்மா இல்லன்னாங்க. சாஜிதா வாசப்படியில நின்னுக்கிட்டு பஸ் வருதான்னு பாத்துக்கிட்டு இருந்தவ, திரும்பாமலே சொன்னா:

"கால் வீங்குனா உப்பைக் குறைக்கணும் அண்ணாச்சி. படுக்கும்போது காலுக்குக் கீழ ரெண்டு தலையணை வச்சு தூக்கி வைக்கணும். சீசன்ல எனக்கும் அப்படித்தான் வீங்கும். அதைப் போட்டுருங்க. நான் சொன்னேன்னு போட வேண்டாம்."

நான் அம்மாவைப் பாத்தேன்.

"போடுங்க தம்பி. அவ சொன்னான்னே போடுங்க."

போட்டேன்.